இஞ்சி துளசிக் கஷாயம்: எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எத்தனை முறை குடிக்க வேண்டும்

போன ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்து, சளி போன பிறகும் இருமல் மட்டும் நின்றுகொண்டது. சென்னையில் தனி அறை, ஒற்றை அடுப்பு. கஷாயம் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைப்பதுதானே என்று நினைத்து, காலையிலேயே ஒரு பெரிய பாத்திரம் நிறைய வைத்தேன். இஞ்சி, துளசி, மிளகு என்று எல்லாமே இருபது நிமிடத்துக்கு மேல் கொதித்தன. அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று இரவு வரை குடித்தேன். இரண்டாம் நாள் நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி, அதனாலேயே இருமல் கூடியது.

மூன்றாம் நாள் ஊருக்குப் பேசியபோது ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "ஏலே, துளசிய எப்பம் போட்ட?" ஆரம்பத்திலேயே போட்டேன் என்றதும், "அவ்வளவு நேரம் கொதிக்க விட்டா வாசம் பூரா அடுக்களையிலதான இருக்கும், தண்ணியில என்ன இருக்கும்? அடுப்ப அமத்திட்டுப் போடு. போட்டு மூடி வை" என்றாள். அதன் பிறகு அளவையும் நேரத்தையும் ஒழுங்கு செய்துகொண்டு ஐந்து நாள் குடித்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வளர்ந்த ஒருவருக்கு, மழைக்காலத்திலோ மார்கழிப் பனியிலோ சளியோடு வரும் சாதாரண இருமலுக்கான கணக்கு இது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் கஷாயம் கிருமியை ஒழிப்பதில்லை. சளிக்குப் பின் வரும் இருமல் இரண்டு வாரம், சில பேருக்கு மூன்று வாரம் கூட இருந்துவிட்டுத்தான் போகும். கஷாயம் தொண்டை அரிப்பைத் தணிக்கும், கெட்டிச் சளி இளகி வெளியே வர உதவும், இரவு கொஞ்சம் தூங்க விடும். அந்த எதிர்பார்ப்போடு தொடங்குங்கள்.

1. அடுப்பை மூட்டும் முன் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

இதற்கு என்ன காகிதம் வேண்டியிருக்கிறது என்று தோன்றும். நீங்கள் தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அந்த மருந்துச் சீட்டு வேண்டும். அதில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள். வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் ஆகிய பெயர்கள் சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கஷாயம் தொடங்காதீர்கள். இஞ்சியும் துளசியும் இரத்தம் உறைவதைச் சற்றுக் குறைக்கக்கூடியவை. மாத்திரையும் அதே வேலையைச் செய்யும்போது இரண்டும் சேர்ந்துவிடும். என் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அவருக்கும் இருமல் வந்தபோது சீட்டைக் காட்டிக் கேட்டோம். குழம்பில், துவையலில் சேரும் இஞ்சி பரவாயில்லை, தினமும் கஷாயமாகக் குடிக்க வேண்டாம் என்றார் மருத்துவர். அப்பாவுக்கு வெந்நீரும் ஆவி பிடிப்பதும் மட்டும்தான். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளே வறட்டு இருமலைக் கொண்டுவரும். எனலாப்ரில், ராமிப்ரில் போல 'ப்ரில்' என்று முடியும் பெயர்கள் அவை. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ சளியே இல்லாமல் தொண்டையில் கிச்சுகிச்சு மூட்டுவது போல இருமல் வந்தால், எத்தனை கஷாயம் குடித்தாலும் போகாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும், வயிற்றுப்புண் இருப்பவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். கர்ப்பத்தில் சமையலில் சேரும் இஞ்சிக்கும், தினமும் இரண்டு வேளை குடிக்கும் இஞ்சி துளசிக் கஷாயத்துக்கும் வித்தியாசம் உண்டு.

குழந்தைகளுக்கு இதே அளவைக் கொடுக்காதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கஷாயமும் வேண்டாம், தேன் ஒரு துளி கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயது தாண்டிய சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் போதும். அதுவே இரவு இருமலை ஓரளவு அடக்கும்.

2. வாங்க வேண்டியவை, செலவு

இஞ்சி 50 கிராம் போதும். கால் கிலோ வாங்கினால் பாதி காய்ந்துபோகும், அல்லது பூசணம் பிடிக்கும். ஒரு வேளைக்கு 5 கிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் என்றால் கணக்கு சரியாக 50 கிராம்தான். வீட்டில் தராசு இல்லாதவர்களுக்கு எளிய வழி: கடையில் 50 கிராம் நிறுத்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பத்துத் துண்டாக வெட்டி வைத்துவிடுங்கள். ஒரு துண்டு ஒரு வேளைக்கு. தோல் சீவியதில் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. "ஒரு துண்டு இஞ்சி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைக் கேட்டு, விரல் நீளத்துக்கு நான் போட்டதுதான் நெஞ்செரிச்சலில் கொண்டுபோய் விட்டது.

தோல் மெல்லிசாக, வெளுப்பாக இருக்கும் இளம் இஞ்சியில் காரம் குறைவு. தோல் தடித்து, ஒடித்தால் நார் தெரியும் முற்றின இஞ்சியே கஷாயத்துக்கு நல்லது. கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதைவிட மண் ஒட்டியிருப்பதை எடுங்கள். ஒடித்த இடத்தில் நீலமோ பச்சையோ பூத்திருந்தால் அந்தத் துண்டை முழுதாகத் தூக்கிப்போடுங்கள், அந்த இடத்தை மட்டும் நறுக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டாம்.

துளசியில்தான் புதிதாகச் செய்பவர்கள் ஏமாறுவது அதிகம். ஒரு நாளைக்கு இருபது இலை வேண்டும். பூக்கடையில் கேட்டால் சாமிக்குக் கட்டிய துளசி மாலையைத் தருவார்கள். அது பூசைக்காக விற்பது. எவ்வளவு நாளானது, வாடாமலிருக்க என்ன தண்ணீர் தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது, அதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். இன்னொரு குழப்பம் திருநீற்றுப் பச்சிலை. பார்த்தால் துளசி மாதிரியே இருக்கும். சர்பத்தில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியுடையது. அது வேறு இலை. அதன் இலை வழவழப்பாக, கசக்கினால் இனிப்பான சோம்பு வாசம் வரும். துளசியின் தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமம் இருக்கும், இலை ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டு தெரியும், கசக்கினால் கிராம்பு வாசம் தூக்கலாக வரும். கிராம்பில் இருக்கும் யூஜெனால் என்ற எண்ணெய்தான் துளசியிலும் இருக்கிறது, அதனால்தான் அந்த வாசம். பச்சைத் துளசி, கருந்துளசி எதுவானாலும் சரி; கருந்துளசியில் காரம் சற்றுக் கூடுதல்.

அக்கம்பக்கத்தில் தொட்டியில் வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்குவதே நல்லது. கிடைக்காவிட்டால் நாற்றுப் பண்ணையில் ஒரு செடி வாங்கலாம். ஆனால் வாங்கிய வாரத்திலேயே பறிக்காதீர்கள். பூச்சி மருந்து அடித்திருக்கலாம். எனக்கு மாடியில் இருந்த அக்கா தினமும் காலையில் பறித்துத் தந்தார்கள். பறித்த இலையை ஓடும் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் போதும்.

இனிப்புக்குத் தேன் அல்லது கருப்பட்டி. சர்க்கரை நோய் இருந்தால் இரண்டும் வேண்டாம். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். துளசி சும்மா கிடைத்ததால் எனக்கு ஐந்து நாளுக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதிலும் பெரும்பகுதி சின்ன பாட்டில் தேனுக்குத்தான்.

மிளகு, சித்தரத்தை, கற்பூரவல்லி, அதிமதுரம் என்று ஆளுக்கு ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். முதல் தடவை இரண்டு பொருளோடு நிறுத்துங்கள். ஐந்தாறு பொருளைச் சேர்த்து வயிறு கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. குறிப்பாக அதிமதுரம், நாள் கணக்கில் குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

3. பாத்திரமும் தண்ணீர் அளவும்

எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ போதும். அலுமினியமும், ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். பாத்திரம் சின்னதாக, வாய் குறுகலாக இருக்கட்டும். காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் (200 மி.லி.) வைத்து, அது பாதியாகும் வரை, அதாவது 100 மி.லி. ஆகும் வரை வற்ற வைக்க வேண்டும். டம்ளர் என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோமே தவிர அளவு வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் டம்ளரின் அளவு தெரியாவிட்டால் 200 மி.லி. பால் பாக்கெட்டையோ அளவுக் கோடு போட்ட தண்ணீர் பாட்டிலையோ வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதியானதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஆச்சி வீட்டில் செய்வது இப்படி: முதலில் அரை டம்ளர் தண்ணீரை மட்டும் பாத்திரத்தில் ஊற்றி, கரண்டிக் காம்பை நேராக நிறுத்தி, ஈரம் எதுவரை ஏறுகிறது என்று விரலால் பிடித்துப் பார்ப்பாள். பிறகு மீதி அரை டம்ளரை ஊற்றுவாள். கொதித்துக்கொண்டிருக்கும்போது நடுவே அதே காம்பை விட்டுப் பார்த்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். காம்பில் நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டால் இன்னும் சுலபம்.

4. இஞ்சியைக் கொதிக்க வைப்பது: 12 முதல் 15 நிமிடம்

இஞ்சித் தோலை ஸ்பூன் விளிம்பால் சுரண்டி எடுங்கள். "இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று நம் பக்கத்தில் சொல்வதால் தோலை யாரும் விடமாட்டார்கள். தோலின் மடிப்பில் ஒளிந்திருக்கும் மண்ணும் அதோடு போய்விடும்.

சீவிய துண்டை நறுக்கிப் போடாமல் தட்டிப் போடுங்கள். உரல் இல்லாவிட்டால் சப்பாத்திக் கட்டையால் இரண்டு அடி. நார் பிரிந்து சாறு கசிந்தால் போதும். மிக்சியில் அரைக்க வேண்டாம்; அரைத்தால் இஞ்சியின் மாவு முழுதும் தண்ணீரில் கலந்து, கஷாயம் கொழகொழவென்று ஆகி, வடிகட்டியிலும் இறங்காது, தொண்டையிலும் ஒட்டும்.

தண்ணீர் கொதித்த பிறகு தட்டிய இஞ்சியைப் போட்டு, தீயைச் சிறியதாக்குங்கள். நேரத்தை இங்கிருந்துதான் எண்ண வேண்டும், அடுப்பு மூட்டியதிலிருந்து அல்ல. தளதளவென்று பொங்காமல், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழாக வந்துகொண்டிருக்கட்டும். மூடியை முக்கால்வாசி மூடி வைத்தால் போதும்.

12 முதல் 15 நிமிடத்தில் தண்ணீர் பாதியாக வேண்டும். இரண்டும் ஒன்றாக முடிந்தால்தான் தீ சரியாக இருந்தது என்று அர்த்தம். அகலமான பாத்திரத்தில், பெரிய தீயில் வைத்தால் ஆறேழு நிமிடத்திலேயே பாதியாகிவிடும், ஆனால் இஞ்சி இறங்கியிருக்காது. பார்க்க வெளிறிய தண்ணீராக இருக்கும், குடித்தால் பச்சை வாசம் அடிக்கும். அப்படி ஆனால் கால் டம்ளர் வெந்நீர் ஊற்றி, தீயைக் குறைத்து, மீதி நேரத்தை ஓட்டுங்கள். 15 நிமிடம் ஆகியும் வற்றவில்லை என்றால் மூடியை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் வற்றிவிடும்.

இன்னும் கொதித்தால் இன்னும் சத்து என்று விட்டுவிடாதீர்கள். பச்சை இஞ்சியின் காரம் சூட்டில் நிற்க நிற்க, சுக்கின் காரமாக மாறும். அது நாக்கில் தெரிவதைவிட வயிற்றில் அதிகம் தெரியும். சரியாக வந்த கஷாயம் வெளிர் மஞ்சளாக இருக்கும், குடித்ததும் தொண்டையில் ஒரு சூடு பரவி அடங்கும். பழுப்பேறி, நாக்கு எரிந்தால் அதிகம் கொதித்துவிட்டது. வெந்நீர் கலந்து குடியுங்கள்.

அடுப்பு இல்லாத விடுதி அறைக்காரர்களுக்கு ஒரு வழி. மின்சாரக் கெட்டிலில் கஷாயம் காய்ச்ச முயலாதீர்கள். கொதித்ததும் தானாக அணைந்துவிடும், இஞ்சி இறங்க நேரம் கிடைக்காது. நார் அடியில் ஒட்டிப் பிடிக்கும். கெட்டிலில் தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, தட்டிய இஞ்சி போட்ட பிளாஸ்க்கில் அரை டம்ளர் அளவு ஊற்றி இறுக மூடி அரை மணி நேரம் விடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் துளசியைக் கிள்ளிப் போடுங்கள். அடுப்பில் வைத்தது போலக் காரம் இருக்காது, ஆனாலும் தொண்டைக்கு இதமாகவே இருக்கும்.

5. துளசி: அடுப்பை அணைத்த பிறகு, 5 நிமிடம்

துளசியில் நமக்கு வேண்டியது அதன் வாச எண்ணெய். அது ஆவியோடு போகிற பொருள். மூடாத பாத்திரத்தில் துளசி கொதிக்கும்போது அறை முழுக்க மணக்கிறதே, அந்த மணம் அவ்வளவும் கஷாயத்திலிருந்து போய்விட்ட மணம். எனக்கு முதல் மூன்று நாளும் துளசியில் மிஞ்சியது கசப்பு மட்டும்தான்.

அதனால் இஞ்சித் தண்ணீர் பாதியானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பத்து இலையைக் கையால் இரண்டாகக் கிள்ளிப் போட்டு, தட்டால் முழுதாக மூடி, ஐந்து நிமிடம் திறக்காமல் வையுங்கள். திறக்கும்போது தட்டின் அடியில் வேர்த்திருக்கும் நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே வழித்துவிடுங்கள், வாசம் அதில்தான் தங்கியிருக்கும். இலை பச்சை மங்கி, வதங்கிய நிறத்துக்கு வந்திருந்தால் சரியாக இறங்கிவிட்டது. பத்து நிமிடம் ஆகிவிட்டாலும் கெட்டுப்போகாது, சற்றுக் கசக்கும்.

6. வடிகட்டுவது, இனிப்பு சேர்ப்பது

டீ வடிகட்டியில் வடிகட்டி, இரண்டு நிமிடம் டம்ளரில் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக் குடித்துவிட்டு அந்த வண்டலை விட்டுவிடுங்கள்.

தேன் சேர்ப்பதானால் வாயில் வைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு டீஸ்பூன். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தால் தேனின் மணமே போய்விடும். கருப்பட்டி என்றால் தனியாகக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அதில் மண்ணும் தூசும் இருப்பது சகஜம். பால் ஊற்ற வேண்டாம். பால் ஊற்றினால் அது இஞ்சி டீக்குப் பக்கத்தில் போய்விடும், சில நேரம் திரிந்தும் விடும்.

7. எத்தனை முறை, எப்போது, எத்தனை நாள்

ஒரு நாளைக்கு இரண்டு வேளை. காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒன்று. இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒன்று, ஆனால் படுக்க இன்னும் ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். குடித்த உடனே படுத்தால் எதுக்களிக்கும். இருமல் மிகவும் படுத்தும் நாளில் மட்டும் மாலை நாலரை ஐந்து மணிக்கு எதையாவது கொறித்துவிட்டு மூன்றாவது வேளை குடிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் வேலை செய்யும் என்பார்கள். வயிற்றில் எதுவும் இல்லாதபோது இஞ்சிக் காரம் நேரே வயிற்றுச் சுவரில் படும். காலையில் எழுந்ததும் இருமல் வந்தால் வெந்நீர் குடியுங்கள்.

ஒவ்வொரு முறையும் புதிதாகவே காய்ச்சுங்கள். சித்த மருத்துவத்தில் குடிநீருக்குச் சொல்லும் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். காலையில் வைத்ததை இரவு வரை வைத்துக் குடிப்பதும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சுடவைப்பதும் வேண்டாம். வேலைக்குப் போகிறவர் என்றால் காலையில் குடித்துவிட்டுக் கிளம்பி, இரவு வந்து காய்ச்சுங்கள். மொத்தம் 25 நிமிட வேலை, அதிலும் பக்கத்தில் நிற்க வேண்டியது ஐந்து நிமிடம்தான். இடையில் பகல் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி குடித்துக்கொண்டிருங்கள். சளி இளகுவதில் பாதி வேலை அந்தத் தண்ணீருடையது.

மூன்று நாள் குடித்துவிட்டுப் பாருங்கள். குறைந்தால் இன்னும் இரண்டு நாள், மொத்தம் ஐந்து நாளோடு நிறுத்திவிடுங்கள். கொஞ்சம் கூடக் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். நெஞ்செரிச்சலோ வயிற்றுப்போக்கோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

8. எனக்கு அந்த ஐந்து நாள் போன விதம்

எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன். தப்பாகக் குடித்ததை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க வெந்நீரும் கஞ்சியும்தான். நெஞ்செரிச்சல் அடங்கட்டும் என்று விட்டேன். மறுநாள் காலை எட்டரைக்கு இட்லி, ஒன்பதுக்குக் கஷாயம். குடித்ததும் தொண்டை அரிப்பு அடங்கியது, ஒன்றரை மணி நேரத்தில் திரும்ப வந்தது. அப்போது கஷாயம் வேலை செய்யவில்லை என்று தோன்றும். அதன் பலன் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நேரம்தான், அதனால் உடனே அடுத்த டம்ளருக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்குக் கஷாயம், பத்துக்குப் படுக்கை. தலையணையை இரண்டாக்கி உயர்த்திக்கொண்டேன். இருமி எழுந்தது இரண்டு தடவை; அதற்கு முந்தைய இரவு எத்தனை என்று எண்ண முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கெட்டிச் சளி சிரமமில்லாமல் வந்தது. ஐந்தாம் நாள் பேசும்போது மட்டும் இருமல். அதோடு கஷாயத்தை நிறுத்தினேன். அந்த மீதி இருமல் போக இன்னும் ஒரு வாரம் ஆனது.

9. எப்போது கஷாயத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்

மூச்சு வாங்கினால், மூச்சுவிடும்போது வீசிங் சத்தம் வந்தால், நெஞ்சு வலித்தால், சளியில் இரத்தம் தெரிந்தால் ஒரு வேளை கூடக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், குறைந்த காய்ச்சல் திரும்ப ஏறினாலும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள். தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வெறும் சளி இல்லை, நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60 என்பது கணக்கு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

வளர்ந்தவர்களுக்கு இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் இருக்காது. எடை குறைவதும், மாலையில் லேசான காய்ச்சலும், இரவில் வேர்ப்பதும் சேர்ந்திருந்தால் அந்த இரண்டு வாரம் கூடப் பொறுக்காமல் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கான சளிப் பரிசோதனை இலவசம். டப்பா அவர்களே தருவார்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடும் முன் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை பயன்படாது, திரும்ப அலைய வேண்டிவரும்.